வாயிலில் நிற்பவருக்கு ஒரு மடல்

பணிநியமன ஆணை கைக்கு வந்த நாளின் மகிழ்ச்சி, பணியில் சேரும் நாளுக்கு முந்தைய இரவில் கவலையாக மாறிவிடும். எத்தனை மணிக்குப் போக வேண்டும்? எந்த வாயிலில் நிற்க வேண்டும்? யார் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்? நண்பகல் உணவைக் கையில் எடுத்துச் செல்வதா? நியமன ஆணையில் பதவியும் ஊதியமும் நிபந்தனைகளும் இருக்கும்; இக்கேள்விகளுக்கு விடை இராது. அவ்விடைகளைத் தருவதற்காக இன்று பல நிறுவனங்கள் புதியவருக்கு முன்கூட்டியே ஒரு வரவேற்பு மின்னஞ்சல் அனுப்புகின்றன. அது எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பது பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. அதற்குக் காரணம் என் சொந்தப் பட்டறிவு.

முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பணியில் சேர்வதற்காக அறியாத ஊர் ஒன்றுக்குச் சென்றேன். காலை ஒன்பது மணிக்கே பள்ளி வாயிலை அடைந்துவிட்டேன். தலைமையாசிரியர் அன்று வெளியூர் சென்றிருந்தார். நான் வரப்போவதை அங்கிருந்த எவரும் அறிந்திருக்கவில்லை. தாழ்வாரத்தில் ஒரு மரப்பலகையில் அமர்ந்து, யார் நடந்து வந்தாலும் எழுந்து வணங்கிக்கொண்டிருந்தேன். பொறுப்பில் இருந்தவரைக் கண்டறிந்து கையெழுத்திட்டபோது உச்சிவேளை கடந்துவிட்டது. நான் சேர்ந்தது ‘பிற்பகல்’ என்றே பதிவேட்டில் எழுதப்பட்டது. அங்கு எவரும் என்னை இகழவில்லை; எவரும் எனக்காக ஆயத்தமாகவும் இல்லை. அன்று மாலை வரை, இவ்வேலைக்கு வந்தது சரிதானா என்ற ஐயம் என்னை விட்டு நீங்கவில்லை.

இனி, இன்றைய வரவேற்பு மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை எப்படி இருக்கின்றன என்று பார்ப்போம். “எங்கள் நிறுவனம் என்னும் பெருங்குடும்பத்தில் தாங்கள் இணைவதில் பேருவகை அடைகிறோம். தங்கள் திறமையால் நிறுவனம் மேலும் சிறக்கும் என நம்புகிறோம். வரும் திங்கட்கிழமை தங்களை எதிர்நோக்குகிறோம்.” பிழையற்ற தமிழ்தான், பண்பான சொற்கள்தாம். ஆனால் இம்மடலைக் கையில் வைத்துக்கொண்டு வாயிற்காவலரிடம் ஒருவர் என்ன சொல்ல இயலும்? யார் எழுதினாலும், யாருக்கு எழுதினாலும் பொருந்துகின்ற சொற்கள் இவை. புதியவரின் முந்தைய இரவுக் கேள்விகளில் ஒன்றுக்கும் இங்கு விடை இல்லை.

என் கருத்து இதுதான். வரவேற்பு மின்னஞ்சலை எழுத அமர்பவர், முதலில் தம் இருக்கையை விட்டு எழ வேண்டும். தெருவிலிருந்து வாயில் வழியாகப் புதியவரின் மேசை வரை மனத்தளவிலேனும் நடந்து பார்க்க வேண்டும். மடலில் இடம்பெறும் ஒவ்வொரு செய்திக்கும் பின்னால் அலுவலகத்தில் ஓர் ஏற்பாடு நடந்திருக்க வேண்டும். “காவலரிடம் உங்கள் பெயர் இருக்கும்” என்று எழுதுவதற்கு முன், காவலரிடம் அப்பெயர் சென்று சேர்ந்திருக்க வேண்டும். இவ்வகையில் பார்த்தால், அலுவலகம் ஆயத்தமாக இருக்கிறதா என்பதைச் சோதிக்கும் கருவியாகவும் இம்மடல் அமைகிறது. எழுத முடியாமல் தடுமாறும் இடம் எதுவோ, அங்கே ஓர் ஏற்பாடு விடுபட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிக்கொள்வோம். கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் மோட்டார் பம்பு செய்யும் தொழிற்கூடம் ஒன்று. அதன் கணக்குப் பிரிவில் சேர, திருநெல்வேலியிலிருந்து ஓர் இளம்பெண் வருகிறார். பெயர் கயல்விழி என்று வைத்துக்கொள்வோம். சேரும் நாள் 16.06.2025, திங்கட்கிழமை. மனிதவளப் பிரிவினர் அவருக்குப் புதன்கிழமையே மடல் அனுப்புகின்றனர். வெள்ளி மாலையில் அனுப்பினால், ஐயம் எழுந்து அவர் கேட்கும்போது விடை சொல்ல அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். ஒரு மாதம் முன்னதாக அனுப்பினாலோ, மற்ற மடல்களின் அடியில் அது புதைந்துபோகும். அம்மடல் பின்வருமாறு அமையலாம்.

பொருள்: திங்கட்கிழமை (16.06.2025) காலை 9.45 மணி – உங்கள் முதல் நாள் பற்றிய செய்திகள்

அன்புள்ள கயல்விழி,

வணக்கம். வரும் திங்களன்று உங்களை எதிர்பார்க்கிறோம். காலை 9.45 மணிக்கு வந்தால் போதும்.

திருநெல்வேலிப் பேருந்துகள் சிங்காநல்லூரில் நிற்கும். அங்கிருந்து காந்திபுரம் வந்து, சத்தி சாலையில் செல்லும் நகரப் பேருந்தில் ஏறி, டெக்ஸ்டூல் நிறுத்தத்தில் இறங்குங்கள். எங்களுக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. சரக்குந்துகள் செல்லும் பெரிய வாயிலை விடுத்து, அதன் இடப்புறம் உள்ள சிறிய வாயிலுக்கு வாருங்கள். காவலரிடம் உங்கள் பெயர் எழுதிக் கொடுக்கப்பட்டுள்ளது. ஆதார் அட்டையைக் காட்டினால் உள்ளே அனுப்புவார்.

மனிதவளப் பிரிவின் மல்லிகா அவர்கள் வாயிலுக்கு வந்து உங்களை அழைத்துச் செல்வார். நீங்கள் பணியாற்றப்போவது கணக்குப் பிரிவு மேலாளர் இராமநாதன் அவர்களிடம். அன்றாட ஐயங்களை உங்கள் பக்கத்து இருக்கையில் உள்ள செல்வியிடம் கேட்கலாம். அவரும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பணியில் புதிதாகச் சேர்ந்தவர்.

கல்விச் சான்றிதழ்களின் மூலப்படிகளைக் கொண்டு வாருங்கள். சரிபார்த்து அன்றே திருப்பித் தருவோம். வங்கிக் கணக்குப் புத்தகமும் நிரந்தரக் கணக்கு எண் அட்டையும் தேவைப்படும். இவற்றின் படங்களை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டா.

முதல் நாள் முற்பகலில் படிவங்களை நிரப்புவதும் தொழிற்கூடத்தைச் சுற்றிப் பார்ப்பதும் நடைபெறும். நண்பகல் உணவு எங்கள் உணவுக்கூடத்தில், செல்வியுடன். பிற்பகலில் உங்கள் கணினியும் மின்னஞ்சல் கணக்கும் ஆயத்தமாக இருக்கும். முதல் வாரத்தில் ஒரே வேலைதான்: சென்ற மாதம் வாங்கிய வார்ப்புகளுக்கான 20 பில்களைச் சரிபார்த்தல். எப்படிச் செய்வது என்பதைச் செவ்வாயன்று காட்டுவோம். முன்கூட்டிப் படித்து வர வேண்டியது எதுவும் இல்லை.

இம்மடல் கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். திங்கள் காலையில் வழி தெரியாவிட்டால் மல்லிகா அவர்களை அழையுங்கள். அவருடைய கைப்பேசி எண் கீழே உள்ளது.

இம்மடலில் பாராட்டுரை ஒன்றும் இல்லை. ஆயினும் இதைப் படிப்பவர், தமக்காக அங்கே ஒருவர் காத்திருக்கிறார் என்பதை உணர்வார். அலுவலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும்போது, வருகை நேரத்தை 9.45 என்று குறித்திருப்பதைக் கவனியுங்கள். ஒன்பது மணிக்கு வாயிலில் கூட்டம் மிகும். வரவேற்க வேண்டியவரே அப்போதுதான் வந்து சேர்ந்திருப்பார். முக்கால் மணிநேரத் தாமதம், வருபவருக்கும் வரவேற்பவருக்கும் மூச்சுவிட இடம் தருகிறது.

மனிதர்களைப் பற்றிய பகுதியில் மூன்று பெயர்களே உள்ளன. சில நிறுவனங்கள், தலைவர் முதல் தட்டச்சர் வரை இருபது பெயர்களைப் படங்களுடன் அனுப்புகின்றன. அவற்றுள் ஒன்றையும் புதியவர் நினைவில் கொள்வதில்லை. அவருக்கு வேண்டியவர்கள் மூவர்: வாயிலில் அழைத்துச் செல்பவர், வேலை தருபவர், வெட்கமின்றிக் கேட்கத் தக்கவர். மூன்றாமவர்தாம் மிக முக்கியமானவர் என்பேன். தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, மாலையில் எத்தனை மணிக்கு எழுந்து போகலாம் என்றெல்லாம் மேலாளரிடம் கேட்க எந்தப் புதியவரும் தயங்குவார். அவற்றைக் கேட்பதற்கென்று ஒருவரைப் பெயர் சொல்லிக் காட்டிவிட்டால், தயக்கத்தின் பாதி கரைந்துவிடும். ஆனால் செல்வியிடம் முன்பே கேட்டு, அவர் திங்களன்று விடுப்பில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அவர் பெயரை எழுத வேண்டும்.

முதல் வேலையைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். “நிறுவனத்தின் கணக்கு முறைகளை அறிந்துகொள்ளுங்கள்” என்று எழுதுவது எளிது. அது எப்போது முடியும், முடிந்ததை எப்படி அறிவது என்று அவ்வேலையைப் பெறுபவருக்குத் தெரியாது. இருபது பில்களைச் சரிபார்க்கும் வேலைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஒவ்வொரு பில்லையும் இரண்டு தாள்களுடன் ஒப்பிட வேண்டும். ஒன்று, என்ன விலைக்கு எத்தனை வேண்டும் என்று நிறுவனம் கேட்ட கொள்முதல் ஆணை. மற்றொன்று, எத்தனை வந்து சேர்ந்தன என்று கிடங்கில் எழுதிய சரக்கு வரவுச் சீட்டு. ஐம்பது வார்ப்புகள் கேட்டு, நாற்பத்தெட்டு வந்து, ஐம்பதுக்கும் பணம் கேட்கப்பட்டிருந்தால், அதைக் குறித்து வைக்க வேண்டும். இவ்வேலையில் புதியவர் தவறினாலும் பணம் உடனே கைமாறிவிடாது. மேலாளர் மீண்டும் பார்ப்பார். அதே வேளையில், கிடங்கு, கொள்முதல், கணக்கு ஆகிய மூன்று பிரிவுகளும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை வெள்ளிக்கிழமைக்குள் அவர் தாமாகவே அறிந்திருப்பார்.

“முன்கூட்டிப் படித்து வர வேண்டியது எதுவும் இல்லை” என்ற வரியையும் நான் வேண்டுமென்றே சேர்த்தேன். சேரும் நாளுக்கு முன்னரே நூறு பக்க விதிமுறை நூலை அனுப்பி, படித்து வருமாறு பணிப்போர் உளர். ஊதியம் தொடங்காத நாளில் வேலை வாங்குவது முறையன்று.

இவ்வளவு விரிவு தேவையா, பெரியவர்களுக்கு வழி சொல்லிக்கொடுக்க வேண்டுமா, ஐயம் இருந்தால் அவர்களே கேட்க மாட்டார்களா என்று என் நண்பர் ஒருவர் வினவினார். அவர் வினாவில் நியாயம் உண்டு. விடுப்பு விதிகள், காப்பீடு, பதவி உயர்வு என எல்லாவற்றையும் மடலில் திணித்தால், வாயில் எது என்ற வரியே கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே, முதல் நாளில் பயன்படாத செய்தி எதுவாயினும் அதை நீக்கிவிட வேண்டும் என்பதில் நான் அவருடன் உடன்படுகிறேன். ஆனால் ‘அவர்களே கேட்பார்கள்’ என்பதை ஏற்க இயலவில்லை. யாரைக் கேட்பது என்று அறியாதவர் எப்படிக் கேட்பார்? அன்று தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த நானும் பெரியவன்தான். ஆயினும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மாணவர்கள் நாளை இத்தகைய மடல்களைப் பெறப்போகிறவர்கள் என்பதால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வேலை தருவதாக ஏமாற்றுவோரும் இதே போன்ற இனிய மடல்களை எழுதுகின்றனர். அடையாள அட்டைக்கு, பயிற்சிக்கு, பிணைத்தொகைக்கு என்று சேரும் முன்னரே பணம் கேட்டாலோ, வங்கியின் கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண்ணையும் கேட்டாலோ, அம்மடலை நம்பலாகாது. ஐயம் எழுந்தால் மடலில் உள்ள எண்ணை அழைக்காமல், நிறுவனத்தின் முகவரியையும் எண்ணையும் வேறு வழியில் தேடிக் கண்டறிந்து கேட்டறிய வேண்டும்.

மீண்டும் நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். வியாழன் மாலையில் கயல்விழி விடை எழுதுகிறார். மடல் கிடைத்தது என்ற ஒரு வரியுடன் ஒரு கேள்வியும் இருக்கிறது: “தொழிற்கூடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது செருப்பு அணிந்திருக்கலாமா?” மல்லிகா அதைப் படித்துத் திடுக்கிடுகிறார். வார்ப்புகள் கிடக்கும் தரையில், கால் முழுவதும் மூடிய காலணி இன்றி எவரையும் விடுவதில்லை. அங்கேயே பல ஆண்டுகள் நடப்பவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும் என்பதால், மடலில் எழுத எவருக்கும் தோன்றவில்லை. அவர் கயல்விழிக்கு உடனே விடை அனுப்புகிறார். பின்னர், அடுத்து வருபவருக்காகச் சேமித்து வைத்த மடலைத் திறந்து, சான்றிதழ்கள் பற்றிய வரிக்கு மேலே காலணி பற்றிய ஒரு வரியைச் சேர்க்கிறார்.