முதல் யாருடையது?

மெர்லிமாவ் பக்கத்துத் தாமான் ஒன்றில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எனக்குச் சில ஆண்டுகளாகத் தெரியும். பெரியவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மகனுக்கு ஆயர் குரோ தொழிற்பேட்டையில் வேலை. மருமகள் வீட்டோடு இருக்கிறார். பெயர் வேண்டாம். அடையாளம் தெரியாதபடி தொகைகளையும் சற்று மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்த வீட்டின் கணக்கு ஜாசினிலும் அலோர் காஜாவிலும் நம்மவர் வீடுகள் பலவற்றுக்குப் பொருந்தும்.

கடன் அட்டையில் 8,000 வெள்ளி, வங்கியில் வாங்கிய தனிநபர் கடன் 15,000 வெள்ளி, வட்டி முதலையிடம் 2,000 வெள்ளி. எது பெரிய கடன் என்று கேட்டால் 15,000 என்றுதான் சொல்லத் தோன்றும். அந்த வீட்டைத் தின்றுகொண்டிருந்ததோ 2,000 வெள்ளிக் கடன். வாரத்துக்கு 10 விழுக்காடு வட்டி. வாரந்தோறும் 200 வெள்ளி கட்டுவார்கள், முதல் அப்படியே நிற்கும். உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவர்கூட, பிணையில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டம். 2,000 வெள்ளிக்கு அது ஆண்டுக்கு 360 வெள்ளி. வட்டி முதலை அதைவிடக் கூடுதலாக இரண்டே வாரத்தில் வாங்கிவிட்டார்.

மகனின் அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதி, சொக்சோ பிடித்தம் போகக் கையில் சுமார் 1,500. வங்கிகளுக்கு 720, வட்டி முதலைக்கு 800. அரிசி வாங்க எதுவும் இல்லை.

இந்த நிலையில் இருப்பவரைச் சுற்றி யோசனை சொல்பவர்களுக்குக் குறைவே இருக்காது. தெக்குனில் இந்தியர்களுக்கென்று இருக்கும் ஸ்புமி கடனை எடுத்துக் கடை போடு என்றார் ஒருவர். புது மோட்டாரைத் தவணையில் எடுத்து உணவு விநியோகத்துக்குப் போ என்றார் இன்னொருவர். கூட்டுச் சீட்டில் சேர்ந்து முதல் ஆளாக எடுத்துக்கொள் என்றார் உறவுக்காரர். ஸ்புமி நல்ல திட்டம்தான். ஓடிக்கொண்டிருக்கும் வியாபாரத்தைப் பெருக்க நினைப்பவருக்கு அது கைகொடுக்கும். ஆனால் இந்த வீட்டுக்கு இவை மூன்றும் ஒரே பள்ளத்தை வெவ்வேறு மண்வெட்டியால் ஆழப்படுத்தும் வேலை. கடன் இல்லாதவனின் கடை படுத்தால் அவனுக்குச் சில மாத உழைப்பு நட்டம். கடன்காரனின் கடை படுத்தால் நான்காவது தவணை ஒன்று வந்து சேரும்.

எனவே கடனில் இருப்பவர் எந்த வேலையையும் ஏற்கும் முன் கேட்க வேண்டியது, எவ்வளவு வரும் என்பதல்ல. இதில் முதல் யாருடையது? மரம், மாவு, துணி, இயந்திரம் ஆகியவை இன்னொருவருடையதாகவும் உழைப்பு மட்டும் தன்னுடையதாகவும் இருந்தால், வேலை கெட்டாலும் போவது ஒரு நாள் உடம்பு வலி. அதற்கு மேல் போகாத வேலைகளை மட்டுமே இந்த வீடு தேடியது.

முதலில் ஆலையின் ஓவர்டைம். 1,700 வெள்ளிச் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, அதை 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு வரும். வேலை நாளில் ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு. நாளுக்கு இரண்டு மணி, மாதத்தில் 20 நாள் செய்தால் ஏறக்குறைய 490 வெள்ளி. சம்பளச் சீட்டில் இந்தக் கணக்கைத் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்க்காதவர்கள் நம்மில் அதிகம். போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றரை மடங்கு வராமல் போயிருந்தால் அது சீட்டிலேயே தெரியும். ஆனால் ஓவர்டைம் வாக்குறுதி அல்ல. ஆர்டர் குறைந்தால் ஆலை முதலில் நிறுத்துவது அதைத்தான். அந்தப் பணத்தை நம்பி எந்தத் தவணைக்கும் கையெழுத்துப் போடக்கூடாது. இரவு பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு மோட்டாரில் மெர்லிமாவ் திரும்புவதும் சின்ன ஆபத்தல்ல. அவர் வாரத்தில் இரண்டு இரவுகளை ஓவர்டைம் இல்லாமல் விட்டுவைத்தார்.

அடுத்து பெரியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது அவருடைய கத்தி பரண் ஏறிவிட்டது. ஆனால் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் சிறு தோட்டக்காரர்களின் ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. உடைமையாளருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் கோலாலம்பூரில். வெட்ட ஆள் இல்லாமல் கிடக்கும் மரங்கள் அவை. பாதிக்குப் பாதி என்ற பழைய ஏற்பாட்டில் பெரியவர் அங்கே வெட்டப் போனார். கோப்பையில் உறைந்த பாலை 100 கிலோ விற்றால் 50 கிலோவின் பணம் அவருக்கு. மழை பெய்தால் வருமானம் இல்லை, விலை விழுந்தால் பங்கும் விழும். ஆனால் மரம், நிலம், உரம் எதற்கும் அவர் காசு போடவில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரப்பர் விற்கத் தேவைப்படும் அனுமதி அட்டையை வெட்டுபவர் தன் பெயரிலும் எடுத்து வைத்திருக்க வேண்டும். விலை அடிமட்டத்துக்குப் போகும் மாதங்களில் அரசு தரும் உற்பத்தி ஊக்கத்தொகையை அது இல்லாமல் கேட்க முடியாது.

மருமகளின் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு பக்கத்து வீட்டுக்காரர், "அக்கா, எங்களுக்கு முறுக்கு சுட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டார். வேறு யாராவது இருந்தால் உடனே 300 வெள்ளிக்கு மாவும் எண்ணெயும் வாங்கிப் போட்டு, டப்பா டப்பாவாகச் சுட்டு அடுக்கியிருப்பார்கள். இவர் சொன்னது வேறு: "மாவு, உளுந்து, வெண்ணெய், எண்ணெய் எல்லாம் நீங்களே கொண்டு வாங்க. கிலோவுக்கு 12 வெள்ளி கூலி. டப்பாவை வாங்கும்போதே காசு." முதல் கிலோவில் ஒரு தட்டு சுட்டதும் கொடுத்தனுப்பி, உப்பும் காரமும் சரியா என்று கேட்டுக்கொண்டு மீதியைப் பிழிந்தார். மீந்த எண்ணெயைப் போத்தலில் ஊற்றித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் போத்தலைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டார் வந்தார்கள்.

அவர் சுடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிழிந்த முறுக்கு எண்ணெயில் விழுந்ததும் குமிழி பொங்கி இரைச்சல் எழும். நிறத்தைப் பார்த்து அவர் எடுப்பதில்லை. இரைச்சல் அடங்கி, குமிழி ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டாக எழும்வரை காத்திருப்பார். அதற்கு முன் எடுத்தால் உள்ளே ஈரம் நிற்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் டப்பாவுக்குள் மூன்றே நாளில் நமுத்துவிடும். ஒரு நாளைக்கு 5 கிலோ, ஐந்து மணி நேரம், 60 வெள்ளி. கேஸ் தோம்பு 26 வெள்ளி 60 காசு, அது மட்டும் அவர் செலவு. தீபாவளி கழித்துத் தருகிறேன் என்று சொல்ல யாருக்கும் இடமே இல்லை.

தீபாவளி ஒரு மாதத்தில் முடிந்துவிடும். மற்ற மாதங்களுக்கு ஆலையில் ஷிப்டு பார்க்கும் இரு தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஆளுக்கு 350 வெள்ளி, மாதத் தொடக்கத்திலேயே. பாலும் டயப்பரும் அவர்கள் வீட்டிலிருந்து வரும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேர் அல்லது அதற்கு மேல் என்றால் சமூகநல இலாகாவில் பதிவு வேண்டும். அவர் இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டார்.

முதல் போடாமல் பணம் என்று வேறொரு அழைப்பும் வரும். "வங்கிக் கணக்கை மட்டும் கொடு, ஏ.டி.எம். அட்டையைக் கொடு, மாதம் 500 வெள்ளி." கடனில் தவிக்கும் இளைஞர்களைத் தேடி வருவது இதுதான். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும். 2024இல் தண்டனைச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, கணக்கை அப்படி ஒப்படைப்பதே குற்றம். வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்லும் இணைய வேலைகளும் இதே ரகம். பணம் ஏற்கனவே போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 997க்கு அழைக்க வேண்டும்.

வருமானத்துக்கு வழி தெரிந்த பிறகுதான் கடனைத் தொட்டார்கள். வட்டி முதலையின் 2,000 வெள்ளிக்கு மருமகள் தன் சங்கிலியை விற்றார். அடகு வைக்கவில்லை, விற்றார். அடகுக்கடை மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். வாரம் 10 விழுக்காட்டோடு பார்த்தால் அது கொஞ்சம்தான், ஆனாலும் அது இன்னொரு கடன். விற்ற நகைக்கு வட்டி இல்லை. அந்த முடிவை எடுக்க அவருக்கு மூன்று வாரம் ஆனது. நான் அதை எளிதாக எழுதிவிடக்கூடாது. கோயிலில் பழக்கமான பெரியவர் ஒருவரைச் சாட்சியாக வைத்துப் பணத்தைக் கொடுத்து, அடையாள அட்டை நகலைத் திரும்ப வாங்கினார்கள். அதன் பிறகும் மிரட்டல் வந்தால் போலீசில் புகார் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். உரிமமில்லாமல் வட்டிக்கு விடுவதே குற்றம்.

மீதி 23,000 வெள்ளிக்கு ஏகேபிகே. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. மலாக்காவிலும் அலுவலகம் இருக்கிறது. சேவைக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் வாங்கிக்கொண்டு கடன் பதிவைச் சுத்தம் செய்து தருகிறேன் என்பவர்களிடம் போகத் தேவையில்லை. சம்பளச் சீட்டு, கடன் அறிக்கைகள், மாதச் செலவுக் கணக்கு ஆகியவற்றோடு போனால், அவர்கள் வங்கிகளிடம் பேசி எல்லாவற்றையும் ஒரே தவணையாக்க முயல்வார்கள். 23,000 வெள்ளியை ஆண்டுக்கு 5 விழுக்காட்டில் ஏழு ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் சுமார் 325 வரும். முன்பு கட்டியது 720. வட்டியும் காலமும் வங்கிகள் ஒப்புக்கொள்வதைப் பொறுத்தவை. மொத்தத்தில் 4,300 வெள்ளி வட்டி போகும் என்பதையும் மறைக்கக்கூடாது. கடன் அட்டை ரத்தாகும், திட்டம் முடியும்வரை புதுக்கடன் எடுக்க முடியாது. இந்த வீட்டுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை.

ஏகேபிகே திட்டத்தில் சேர ஒரு நிபந்தனை உண்டு. வீட்டுச் செலவு போக மாதம் ஏதாவது மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் தவணையை எதிலிருந்து கட்டுவது? பிள்ளை பார்க்கும் 700 வெள்ளியும் பெரியவரின் ரப்பர் பங்கும் அங்கேதான் உதவின. ஓவர்டைமைக் கணக்கில் காட்டவில்லை. அது வரும் மாதங்களில் தனியாக எடுத்து வைக்கிறார்கள், மோட்டார் டயருக்கும் பள்ளிச் சீருடைக்கும் அட்டையைத் தேடக்கூடாது என்பதற்காக. திவாலாக்கிவிடுவார்கள் என்ற பயமும் அந்த வீட்டில் இருந்தது. கடன் 100,000 வெள்ளியை எட்டாமல் ஒருவரைத் திவாலாக்க முடியாது என்று சொன்ன பிறகு பெரியவர் அன்றிரவு நன்றாகத் தூங்கினாராம்.

சென்ற தீபாவளி முடிந்ததும், முறுக்கு வாங்கிய ஒருவர் மருமகளிடம் வந்து, அடுத்த ஆண்டு மலாக்கா தீபாவளிச் சந்தையில் கடை எடுக்கலாம், மாவை மொத்தமாக வாங்கினால் இரட்டிப்பு லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் தவறில்லை. மருமகள் தாளைக் கேட்டு வாங்கி மடித்து, ஏகேபிகே கடிதம் இருக்கும் அதே கோப்பில் வைத்தார். "கடைசித் தவணை கட்டின பிறகு இதைப் பிரிச்சுப் பார்க்கிறேன், அண்ணே" என்றார்.