இறுதிக் கணக்கில் தொலைந்த பத்தாயிரம்

சென்னையில் பணியாற்றிய நண்பரின் மகன் கடந்த மார்ச் நடுப்பகுதியில் பதவி விலகினார். இறுதிக் கணக்குத் தாளை எனக்கு அனுப்பி, "மாமா, இது சரிதானா?" என்று கேட்டார்.

நிலுவைச் சம்பளம் 75,000 ரூபாய். எடுக்காத 20 நாள் விடுப்புக்கு, அடிப்படைச் சம்பளப்படி 50,000. கூட்டுத்தொகை 1,25,000. அதற்கு 20 வீதம் வரியாக 25,000. அறிவித்தல் காலத்தில் 15 நாள் குறைந்ததற்காக 75,000 பிடித்தம். கைக்கு வந்தது வெறும் 25,000.

தவறு விடுப்புப் பணத்தில் இருந்தது. பதவி விலகும்போது கிடைக்கும் விடுப்பூதியத்துக்குத் தனியார் ஊழியருக்கும் இந்தியாவில் வரிவிலக்கு உண்டு. வாழ்நாள் உச்சவரம்பு 2023 முதல் 25 இலட்சம். எனவே 10,000 ரூபாய் வரி மிகையாகப் பிடிக்கப்பட்டது. வருமான வரி அறிக்கையில் விலக்கைக் கோரினால் அது திரும்பக் கிடைக்கும்.

அறிவித்தல் பிடித்தம் வேறு கதை. கைக்கு வராத 75,000க்கும் வரி செலுத்தப்பட்டுள்ளது. அகமதாபாத் வரித் தீர்ப்பாயம் 2017இல் ஊழியர் பக்கம் தீர்த்தது. ஆயினும் நிறுவனங்கள் பெரும்பாலும் மொத்தத்துக்கே வரி பிடிக்கின்றன.

விலகிச் செல்பவர் கேள்வி கேட்கமாட்டார் என்ற துணிச்சலே இதற்குக் காரணம் என்பேன். கையொப்பமிடுமுன் ஒவ்வொரு வரியையும் தனித்தனியே கேளுங்கள்.