நிபந்தனை எந்த மொழியில்?

1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் லங்கா சமசமாஜக் கட்சி நடத்திய கூட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் வந்திருந்தார்கள். கமலாதேவி சட்டோபாத்யாய பேசிய அந்த மேடையில், கலாநிதி என்.எம். பெரேரா ஒரு வெள்ளைக்கார இளைஞரை அறிமுகப்படுத்தினார். மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்து, தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலையிழந்த பிரேஸ்கேர்டில்தான் அவர். அன்றைய பேச்சைப் பற்றித் துரைமார் தரப்பில் எழுதப்பட்ட குறிப்பு இன்றும் கிடைக்கிறது. அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டம் "சாமி, சாமி" என்று குரல் கொடுத்ததாம். தொழிற்சட்டத்தைத் துரைமார் மீறும்போது பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அவர் சொன்னது சரிதான் எனத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். மூன்று வாரம் முடிவதற்குள் அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளையிட்டார்.

கைதட்டலையோ மாலைகளையோ அந்தக் குறிப்பு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சைக் கேட்டவர்களின் வாயில் என்ன இருந்தது என்பதையே கவலையோடு எழுதியது. மேடைப்பேச்சை அளக்க இதைவிடச் சரியான கோல் கிடையாது. இந்தக் கோலை வைத்து இன்றைய ஹட்டன், நுவரெலியா மேடைகளை அளந்தால் மனம் கனக்கிறது.

முன்பு பேச்சைக் கேட்கும் சபைகள் தனித்தனியாக இருந்தன. 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போன கோ. நடேசய்யர் சபையில் ஆங்கிலத்தில் வாதாடினார். தொழிலாளருக்குத் தமிழில் துண்டுப் பிரசுரம் எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடியே விஷயத்தைச் சொன்னார். இப்போது அந்த இரண்டு சபைகளும் ஒரே பந்தலுக்குள் உட்காருகின்றன. முன்வரிசையில் கம்பனி அதிகாரிகள், தூதரக விருந்தினர், கொழும்பிலிருந்து வந்த தொண்டு நிறுவனத்தார். பின்னால் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே நகரத்தில் படிக்கும் அவர்களுடைய பிள்ளைகள். பேசுபவர் இரண்டு மொழியையும் எடுக்கத்தான் வேண்டும். அதில் குற்றமில்லை. எந்தச் சொல் எந்த மொழிக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2024 மே மாதத்தை எடுத்துக்கொள்வோம். நாட்சம்பளம் 1,700 ரூபா என்ற செய்தி மே தினத்தன்று கொட்டகலை மேடையில் முழங்கியது. வர்த்தமானியில் அந்த 1,700 இரண்டு துண்டாக இருந்தது. 1,350 நாட்சம்பளம், மீதி 350 உற்பத்தியோடு சேர்ந்த விசேட கொடுப்பனவு. அதற்குப் பிந்திய கிழமைகளில் இதை விளக்கிய பேச்சுகள் பலவற்றின் வடிவம் இப்படித்தான் இருந்தது: "அன்பான தொழிலாளத் தோழர்களே, உங்களுக்கு 1,700 ரூபா! தட் இஸ், தேர்ட்டீன் பிஃப்டி பேசிக், பிளஸ் த்ரீ பிஃப்டி புரொடக்டிவிட்டி அலவன்ஸ். இது உங்கள் போராட்டத்தின் வெற்றி!"

தமிழில் இருந்தவை விளிப்பு, பெரிய எண், வெற்றி முழக்கம். ஆங்கிலத்தில் இருந்தது நிபந்தனை. பேசியவர் எதையும் ஒளிக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். கேட்ட பெண் 1,700ஐ மட்டும் வீட்டுக்குக் கொண்டு போனார். முன்வரிசையில் இருந்தவர் 1,350ஐயும் 350ஐயும் தனித்தனியாகக் கொண்டு போனார். பிறகு கம்பனிகள் வழக்குக்குப் போய், செப்டெம்பரில் 1,350 மட்டும் குறைந்தபட்சச் சம்பளமாக நின்றபோது முன்வரிசைக்கு அது அதிர்ச்சியாக இல்லை. பின்வரிசைக்கு யாரோ 350 ரூபாவைத் திருடிவிட்டதாகத்தான் பட்டது.

அதே விஷயத்தை இப்படிச் சொல்லியிருக்கலாம்: "நாட்சம்பளம் 1,350 ரூபா. அதற்கு மேலே 350 ரூபா தனிக் கொடுப்பனவு. அந்த 350 வேலையின் அளவைப் பொறுத்தது. இரண்டும் சேர்ந்தால்தான் 1,700. இப்போது இதையே விருந்தினருக்கு ஆங்கிலத்தில் சொல்கிறேன், புதிதாக எதுவும் இல்லை." பிறகு ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம். பிறகு மீண்டும் தமிழ்.

"புதிதாக எதுவும் இல்லை" என்ற அந்த ஒரு வரி முக்கியமானது. அதைக் கேட்டவர் ஆங்கிலம் ஓடும் அரை நிமிடம் நிம்மதியாக இருக்கலாம், பக்கத்திலிருக்கும் மகளின் கையைச் சுரண்டி "என்னாடி சொல்றாங்க?" என்று கேட்க வேண்டியதில்லை. மகள் காதுக்குள் சொல்லி முடிப்பதற்குள் பேச்சாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். தாயும் மகளும் சேர்ந்தே அதைத் தவறவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் புதிதாக ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் அதையும் முன்கூட்டி அறிவித்து, முடிந்தவுடன் தமிழில் தர வேண்டும்.

வரிசையும் முக்கியம். யாருடைய வாழ்க்கையைப் பற்றிய செய்தியோ, அவருடைய மொழியில் அது முதலில் வர வேண்டும். ஆங்கிலம் முந்தினால் முன்வரிசை கைதட்டுகிறது, அதைப் பார்த்துப் பின்வரிசையும் தட்டுகிறது. எதற்காகத் தட்டினோம் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. கைதட்டல் இரண்டு அலையாக வந்தால் பேச்சாளர் அங்கேயே நிறுத்தி, சொன்னதைத் தமிழில் திரும்பச் சொல்லிவிடலாம். அந்த அடையாளம் மேடையில் நிற்பவருக்கு நன்றாகவே கேட்கும்.

எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்வதும் தீர்வாகாது. இருபது நிமிடப் பேச்சில் பத்து நிமிட விஷயந்தான் மிஞ்சும். எந்த நேரத்திலும் சபையில் பாதி சும்மா இருக்கும், பின்வரிசையில் சளசளப்பு தொடங்கிவிடும். தொகை, திகதி, நிபந்தனை, "நீங்கள் செய்ய வேண்டியது" ஆகிய நான்கும் இரண்டு மொழியிலும் முழுதாக வரட்டும். கதை, உதாரணம், வரலாறு போன்றவை ஒரு மொழியில் விரிவாகவும் மற்றதில் ஒரு வரியாகவும் வந்தால் போதும். மொழி மாறும் இடம் ஒரு விஷயம் முடியும் இடமாக இருக்கட்டும், வாக்கியத்தின் நடுவாக வேண்டாம்.

இதைச் சொன்னவுடன் தூய தமிழில் பேசச் சொல்கிறோம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது எங்கள் கருத்தல்ல. லயன், பிரட்டு, செக்ரோல், பேர்ச்சஸ் எல்லாம் எங்கள் பாட்டிமார் பேசியவை. "ஏழு பேர்ச்சஸ் காணி" என்றால் புரியாதவர் மலையகத்தில் யாருமில்லை. அதைத் தூய தமிழாக்கினால்தான் குழப்பம். எண்களில் மட்டும் கவனம் வேண்டும். அதிகாரிகள் வீட்டுத்திட்டக் கணக்கை மில்லியனில் சொல்கிறார்கள், லயத்தில் கணக்கு லட்சத்தில் நடக்கிறது. "ஒன்று தசம் மூன்று மில்லியன்" என்ற இடத்தில் "பதின்மூன்று லட்சம்" என்று சொல்ல மேலதிக நேரம் ஒன்றும் ஆகாது.

இன்னொரு வழக்கம் எங்களை வருத்துகிறது. விருந்தினருக்கான நன்றியும் பாராட்டும் ஆங்கிலத்தில் போகின்றன. தொழிலாளருக்குத் தமிழில் வருபவை "அமைதியாக இருங்கள்", "வரிசையில் வாருங்கள்" என்பவை. மரியாதை ஒரு மொழியிலும் கட்டளை இன்னொரு மொழியிலும் போகும் கூட்டத்தில், தாம் யாருடைய கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மக்கள் உடனே அறிந்துகொள்கிறார்கள். சிங்களத் தொழிலாளரும் கிராம உத்தியோகத்தரும் இருக்கும் இடத்தில் ஆங்கிலம் அவர்களுக்கும் சேரும் என்று நினைப்பதும் தவறு. அங்கே சிங்களம் பேசும் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, தொகை, திகதி, நிபந்தனை, செய்ய வேண்டியது என்ற அதே நான்கையும் அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும்.

தொழிற்சங்கங்களையும் தொண்டு நிறுவனங்களையும் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த கூட்டம் கலையும்போது வாசலில் நின்று, முன்வரிசையில் இருந்த ஒருவரிடமும் பின்வரிசையில் இருந்த ஒருவரிடமும் "எவ்வளவு, எப்போதிலிருந்து, எந்த நிபந்தனையோடு?" என்று கேளுங்கள். இரண்டு பதிலும் வேறுபட்டால், மக்கள் வீட்டுக்குப் போவதற்கு முன் ஒலிவாங்கியைத் திரும்பக் கையிலெடுத்துத் தமிழில் சொல்லுங்கள்.