நாலு படம், ஒரு பட்டாம்பூச்சி: எது தேறும்?

செல்போனில் எடுத்த பூ, பூச்சிப் படங்கள் எல்லாமே கேலரியில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும்போது அழகாகத்தான் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் எது தேறும், எது தேறாது என்பது தெரியும். சிரமம் என்னவென்றால், ஒரே பூச்சியை இருபது முறை எடுத்துவிட்டு, அதில் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறோம். சில சமயம் நல்ல படத்தை அழித்துவிட்டு, பளபளப்பாக இருக்கிற தப்பான படத்தை வைத்துக்கொள்கிறோம்.

ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். காலிமனை ஒன்றில் எருக்கஞ்செடி. அதன் பூவில் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பார்த்தால் வெந்தய வரியன் மாதிரி இருக்கிறது. கல்லூரி மாணவி ஒருவர் அதைப் பத்து நிமிடத்தில் நாலு விதமாக எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி வளாகத்துப் பட்டாம்பூச்சிப் பட்டியலுக்கு அவர் ஒரே ஒரு படம்தான் அனுப்ப முடியும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. வெந்தய வரியனைப் பறவைகள் பெரும்பாலும் தின்னாது. அதன் புழு எருக்கிலையைத் தின்று வளர்வதால் பூச்சியின் உடம்பில் கசப்பும் நஞ்சும் ஏறிவிடும். இதைப் பயன்படுத்தித் தப்பிக்க, வேறொரு வகையின் பெண் பட்டாம்பூச்சி அச்சு அசலாக அதே வேடத்தில் திரிகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எளிய அடையாளம் பின்னிறக்கையில் இருக்கிறது. வெந்தய வரியனுக்கு அங்கே நடுப்பகுதியில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். வேடதாரிக்கு மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளிதான். ஆகவே பின்னிறக்கை தெளிவாக இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது எந்தப் பூச்சி என்று உறுதியாகச் சொல்லாது.

முதலில் பார்க்க வேண்டியது ஃபோகஸ்

படங்களை ஒப்பிடும்போது ஃபோகஸ் எங்கே விழுந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெளிச்சத்தைப் பிறகு கூட்டலாம், குறைக்கலாம். ஓரத்தை வெட்டலாம். தப்பான இடத்தில் விழுந்த ஃபோகஸை மட்டும் பிறகு சரிசெய்ய முடியாது.

நாலு படத்திலும் ஒரே இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பூச்சி என்றால் அந்த இடம் தலை. வெந்தய வரியனின் தலையும் நெஞ்சும் கறுப்பு. அதன்மேல் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இந்தப் புள்ளிகள்தான் நமக்குச் சாட்சி. அவை கூர்மையான புள்ளிகளாகவே இருந்தால் ஃபோகஸ் சரி. ஊதிய பஞ்சு மாதிரி வட்டமாகப் பரவியிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. ஒரே திசையில் சின்னக் கோடுகளாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது, இல்லாவிட்டால் காற்றில் செடி ஆடியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு தவறுகள். ஃபோகஸ் தவறிய படத்தில் வேறு எங்காவது ஓர் இடம் கூர்மையாகவே இருக்கும். கை ஆடிய படத்தில் எங்குமே கூர்மை இருக்காது.

மாணவியின் முதல் படம் மேலிருந்து சாய்வாக எடுத்தது. இறக்கை விரிந்திருக்கிறது, நிறம் அள்ளுகிறது. கேலரியில் பார்த்தால் இதுதான் முதல் பரிசு. பெரிதாக்கினால் முன்னால் இருக்கிற எருக்கம்பூவின் நடுக் கிரீடம் ஊசிபோலத் தெளிவாக இருக்கிறது. அதற்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால் உள்ள தலை பஞ்சாகியிருக்கிறது. போன் தானாக ஃபோகஸ் செய்யும்போது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற, பளிச்சென்று தெரிகிற பொருளைத்தான் பிடித்துக்கொள்ளும். இந்தப் படம் பூவின் படம். பூச்சி அதில் விருந்தாளி. அது போட்டியிலிருந்து விலகுகிறது.

ஒரு சென்டிமீட்டரில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஃபோகஸ் விழுந்த இடத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரம்தான் தெளிவாகத் தெரியும். இதைத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்கிறார்கள். பத்தடி தள்ளி நிற்கிற ஆளைப் போனில் எடுத்தால் இந்த ஆழம் பல அடி இருக்கும். அதனால் நாம் கவனிப்பதே இல்லை. ஒரு சாண் தூரத்தில் பூச்சியை எடுக்கும்போது அது சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பெரிய கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு, பூச்சியை அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழவைத்து எடுப்பவர்களுக்கு f/8 அளவில் கிடைப்பது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். அவர்கள் துளையை f/16 வரை சுருக்கி அதை இரண்டு மில்லிமீட்டர் ஆக்கலாம். ஆனால் அதற்கு விலையாகப் படம் முழுக்கக் கொஞ்சம் மங்கும். பெரும்பாலான போன்களில் இந்தத் துளையின் அளவை மாற்றவே முடியாது.

ஆகவே போனில் நம் கையில் இருப்பது இரண்டே விஷயம்: கோணமும் தூரமும்.

கோணத்தின் பலன் இரண்டாவது படத்தில் தெரிகிறது. பட்டாம்பூச்சி இறக்கையை மூடியதும் மாணவி பக்கவாட்டில் வந்து, போனின் முதுகு இறக்கைக்கு இணையாக இருக்கும்படி பிடித்திருக்கிறார். மூடிய இறக்கை காகிதம் மாதிரி தட்டையானது. கண், நெஞ்சு, பின்னிறக்கைப் புள்ளிகள் எல்லாமே போனிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் வந்துவிட்டன. அதனால் அந்தச் சில மில்லிமீட்டரே முழுப் பூச்சிக்கும் போதுமானதாகிவிட்டது. முதல் படத்தில் ஆழம் குறைவாக இருந்தது என்பதில்லை. இரண்டிலும் ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான். பூச்சி அதற்குள் அடங்கியதா இல்லையா என்பதே வேறுபாடு.

இனி தூரம். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் தெளிவான ஆழம் சுமார் நாலு மடங்காகும். பிறகு படத்தை வெட்டி, பூச்சியைப் பழைய அளவுக்குப் பெரிதாக்கும்போது அந்த லாபத்தில் பாதி போய்விடும். அப்படியும் இரண்டு மடங்கு மிச்சம். வெட்டுவதால் படத்தின் நுணுக்கம் குறையும் என்பதும் உண்மை. போன் திரையில் பார்க்க அது போதும். சுவரில் மாட்டப் பெரிய பிரின்ட் போடுவதானால் யோசிக்க வேண்டும்.

பூவுக்கும் இதே கணக்குதான். செம்பருத்தியின் நடுத்தண்டு இதழ்களைத் தாண்டி நீண்டு நிற்கும். நேர் எதிரே நின்று எடுத்தால் தண்டின் நுனிக்கும் இதழுக்கும் ஒரே நேரத்தில் தெளிவு கிடைக்காது. அப்போது நுனியில் இருக்கிற ஐந்து குமிழ்களைத் தொட்டு ஃபோகஸ் செய்ய வேண்டும். பின்னால் இதழ் மங்கினால் கண் ஏற்றுக்கொள்ளும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பொருள் மங்கினால் உறுத்தும். பக்கவாட்டில் எடுத்தால் அந்தச் சங்கடமே இல்லை. தண்டு முழுக்கத் தெளிவாக வரும்.

பின்னணி செய்கிற குறும்பு

இரண்டாவது படத்தில் பூச்சி நூற்றுக்கு நூறு. ஆனால் பின்னால் ஒன்றரை அடியில் சுண்ணாம்பு அடித்த காம்பவுண்ட் சுவர், அதை ஒட்டி ஒரு நீல பிளாஸ்டிக் குடம். போதாததற்குத் துணி காயப்போடும் கயிறு ஒன்று பூச்சியின் தலை வழியாகப் போகிறது. குடத்தை வெட்டி எடுத்துவிடலாம். தலைக்குப் பின்னால் போகிற கயிற்றை வெட்ட வழியில்லை.

பின்னணி உறுத்துகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. படத்தைத் தலைகீழாகத் திருப்பி ஒரு நொடி பாருங்கள். பூச்சி என்று மனம் அடையாளம் காண்பதற்கு முன்பே கண் எங்கே போகிறதோ அதுதான் படத்தின் பலமான இடம். இந்தப் படத்தில் கண் வெள்ளைச் சுவருக்கும் நீலக் குடத்துக்கும்தான் போகிறது. பூச்சியைவிட வெளிச்சமான இடம், பூச்சியின் நிறத்தோடு மோதுகிற நிறம், பூச்சியைத் தொட்டுப் போகிற கோடு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள்.

மூன்றாவது படத்துக்கு அவர் செய்தது, இடது பக்கம் சற்றே நகர்ந்து கொஞ்சம் குனிந்ததுதான். பூச்சி அதேதான், தூரமும் அதேதான். இப்போது அதற்குப் பின்னால் பத்தடி தள்ளி இருக்கிற வேப்பமர நிழல் வருகிறது. பின்னணி தூரமாகப் போகப் போக உருவம் கரைந்து வெறும் நிறமாகிவிடும். கரும்பச்சை மேல் ஆரஞ்சு எடுப்பாக நிற்கிறது. நகர்ந்ததில் கோணம் இம்மி பிசகியதால் ஓர் உணர்கொம்பின் நுனி மட்டும் லேசாக மங்கியிருக்கிறது. தலைப் புள்ளிகளும் பின்னிறக்கைப் புள்ளிகளும் தெளிவு.

ஒரு எச்சரிக்கை. பல போன்கள் பொருளுக்கு மிக அருகில் போனதும் தாமாகவே அகலமான லென்ஸுக்கு மாறிவிடும். திரையில் சின்னப் பூ அடையாளம் வரும். அந்த லென்ஸ் அருகே ஃபோகஸ் செய்யும், ஆனால் பின்னணியில் அதிக இடத்தை இழுத்துப் போட்டுக்கொள்ளும், மங்கலும் குறைவு. பின்னால் குப்பை இருந்தால் கொஞ்சம் விலகி, சாதாரண லென்ஸிலேயே எடுத்து வெட்டிக்கொள்வது நல்லது.

மங்கலை வரவழைத்த படம்

நாலாவது படம் போர்ட்ரெயிட் மோடில் எடுத்தது. சுவர், குடம், கயிறு எல்லாம் வெண்ணெயாக உருகியிருக்கின்றன. வீட்டில் கேட்டால் எல்லோரும் இதற்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். பெரிதாக்கினால் ஓர் உணர்கொம்பு பாதியோடு நிற்கிறது. இறக்கை ஓரத்தில் ஒரு மெல்லிய வெளிறிய கோடு. கால்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சுவர்த் துண்டு மட்டும் மங்காமல் கூர்மையாக இருக்கிறது.

இந்த மங்கலை லென்ஸ் தரவில்லை. எது பூச்சி, எது பின்னணி என்று போன் கணக்குப் போட்டு, பின்னணியைத் தானே கரைத்தது. முடி, மீசை, உணர்கொம்பு போன்ற மெல்லியவை அந்தக் கணக்கில் அடிக்கடி தப்பிவிடும். நுனி குமிழ்போலத் தடித்த உணர்கொம்பு, பட்டாம்பூச்சியை அந்துப்பூச்சியிலிருந்து பிரித்துக்காட்டுகிற முக்கிய அடையாளம். போன் அழித்தது சரியாக அந்த நுனியைத்தான். இயல்பான மங்கலா, போட்ட மங்கலா என்று அறிய, பூச்சி உட்கார்ந்திருக்கிற காம்பைப் பின்னோக்கித் தொடர்ந்து பாருங்கள். இயல்பானது என்றால் தெளிவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். போட்டது என்றால் பெரும்பாலும் ஓர் இடத்தில் வெட்டியது போலச் சட்டென்று மாறும்.

ஆக, முதலாவது ஃபோகஸில் தோற்றது. நாலாவது உண்மையில் தோற்றது. மிச்சம் இரண்டும் மூன்றும். மாணவி அனுப்ப வேண்டியது மூன்றாவது படத்தை. ஒரு கொம்பு நுனியின் மங்கல், தலைக்குள் நுழைகிற கயிற்றைவிடச் சின்னக் குறை. ஆனால் இரண்டாவதையும் அழிக்கக் கூடாது. யாராவது இது வேடதாரிப் பூச்சிதானே என்று கேட்டால், பின்னிறக்கைப் புள்ளிகளையும் இரண்டு கொம்பு நுனிகளையும் ஒரு குறையும் இல்லாமல் எண்ணிக் காட்டப்போவது, கயிறும் குடமும் உள்ள அந்தப் படம்தான்.