தடைக்கு முன் 30 நாள் அவகாசம் வேண்டும்

2020 ஜூன் 29 அன்று மாலை, மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிர்நீத்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பட்டியலில் டிக்டாக்கும் இருந்தது. சுமார் 20 கோடி இந்தியர்களின் கைகளில் இருந்த அந்தச் செயலி மறுநாளே கூகுள், ஆப்பிள் தளங்களிலிருந்து எடுக்கப்பட்டது. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்கும் வேலை செய்யாமல் நின்றது. 2021 ஜனவரியில் தடை நிரந்தரமானது.

ஓர் அரசு இப்படிச் செய்ய நியாயம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. சீனாவின் 2017 தேசியப் புலனாய்வுச் சட்டப்படி அந்நாட்டு நிறுவனங்கள் உளவுத்துறைக்கு ஒத்துழைத்தாக வேண்டும். கோடிக்கணக்கான மக்களின் இருப்பிடம், தொடர்புப் பட்டியல், பார்க்கும் பழக்கம் எல்லாம் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்திடம் சேர்வதைப் பார்த்து, எல்லையில் மோதல் நடக்கும் நாடு கவலைப்படுவதில் தவறில்லை. இறையாண்மை, பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களுக்காக இணையத்தில் எதையும் முடக்கும் அதிகாரத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு அரசுக்குத் தருகிறது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பு, முடக்குவதற்கு முன் உரிய நடைமுறை இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். குழு ஆராய வேண்டும். அடையாளம் காண முடிந்தால் பதிவிட்டவரையும் கேட்க வேண்டும். ஒரு தனிப் பதிவை முடக்கும்போது இதெல்லாம் பொருந்தும். ஒரு செயலியையே மூடும்போது பதிவிட்டவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள், ஒருவரையும் யாரும் கேட்பதில்லை. 59 செயலிகளும் 2009 முடக்க விதிகளில் உள்ள அவசர நடைமுறையின் கீழ் முதலில் மூடப்பட்டன. விளக்கம் பிறகே கேட்கப்பட்டது. அதுவும் நிறுவனங்களிடம் மட்டும். அதே விதிகளில் உள்ள ரகசியப் பிரிவால், முழுக் காரணம் என்ன என்பது வாழ்வாதாரம் இழந்தவருக்கு இன்றுவரை தெரியாது.

இதற்கு ஓர் ஆண்டு முன்பு, 2019 ஏப்ரல் 3 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்துக்குத் தடை விதித்தது நினைவிருக்கலாம். வாதம் திறந்த நீதிமன்றத்தில் நடந்தது. குழந்தைகளின் பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு நிறுவனம் பதில் சொன்னது. நீதிமன்றத்துக்கு உதவ மூத்த வழக்கறிஞர் ஒருவர் நியமிக்கப்பட்டார். ஏப்ரல் 24 அன்று தடை நீங்கியது. காரணம் வெளியே தெரிந்ததால்தான் அதற்கு மறுப்புச் சொல்லவும் முடிந்தது.

படைப்பாளிகள் இழந்தது என்ன? டிக்டாக்கில் அன்று இந்தியாவில் சம்பாதித்தவர்களுக்குப் பெரும்பாலும் பணம் வந்தது செயலியிலிருந்து அல்ல. துணிக்கடை விளம்பரம், படத்தின் பாட்டுக்கு ஆடித் தரும் வீடியோ, கடைத் திறப்பு விழாவுக்கு அழைப்பு என்று வெளியிலிருந்து வந்தது. அந்த விலையைத் தீர்மானித்தது ஒரே எண்தான்: பின்தொடர்வோர் எத்தனை பேர்.

ஒரு சிற்றூர்ப் பெண்ணுக்கு ஐந்து லட்சம் பேர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து லட்சம் பேரில் ஒருவருடைய போன் எண்ணோ மின்னஞ்சலோ அவரிடம் கிடையாது. பட்டியலை நகலெடுத்து இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. அவர்களில் பலர் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தவர்களும் அல்லர். செயலி தானாக முன்னே நிறுத்தியதால் பார்த்தவர்கள். செயலி போனதும் இரு தரப்பும் ஒருவரையொருவர் தொலைத்துவிட்டார்கள். ‘நான் இனிமேல் இந்த இடத்தில் இருப்பேன்’ என்று ஒரு வீடியோ போடக்கூடப் பலருக்கு நேரம் கிடைக்கவில்லை.

சரி, யூடியூபுக்குப் போயிருக்கலாமே என்பார்கள். 2020இல் அங்கே விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 4,000 மணி நேரம் என்பது 1 கோடியே 44 லட்சம் நொடி. 15 நொடி வீடியோ போட்டுப் பழகியவர், 9 லட்சத்து 60 ஆயிரம் முறை முழுதாகப் பார்க்கப்பட்டால்தான் அந்த வாசலைத் தொட முடியும். அதுவும் சந்தாதாரர் ஒருவர்கூட இல்லாத புதிய சேனலில். நீண்ட வீடியோ எடுப்பதோ வேறு தொழில். அதற்கு எழுத்து வேண்டும், எடிட்டிங் வேண்டும், நல்ல ஒலி வேண்டும்.

பழைய வீடியோக்களையாவது போட்டிருக்கலாமே என்றால், போனில் சேமித்தவற்றின் மேல் டிக்டாக் முத்திரை ஓடிக்கொண்டிருக்கும். வேறு செயலியின் முத்திரை தெரியும் வீடியோக்களை ரீல்ஸில் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று 2021 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம் அறிவித்தது. பாட்டு வைத்த வீடியோவுக்கு இன்னொரு சிக்கல்: டிக்டாக் உரிமம் வாங்கிய பாட்டு அந்தச் செயலியோடு நின்றுவிடும், வேறு தளத்தில் அதுவே பதிப்புரிமைப் புகாராகத் திரும்பும். இடைவெளியை நிரப்ப வந்த உள்நாட்டுச் செயலிகளில் குடியேறியவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2020 ஜூலையில் வந்த எம்எக்ஸ் டகாடக், ஒன்றரை ஆண்டிலேயே மோஜ் செயலியின் உரிமையாளரான ஷேர்சாட் கைக்குப் போனது.

டிக்டாக்கை அமெரிக்கா எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். 2024 ஏப்ரலில் சட்டம் இயற்றி, நிறுவனம் கைமாற 270 நாள் கொடுத்தார்கள். சட்டம் எல்லோரும் படிக்கும்படி வெளியில் இருந்தது. படைப்பாளிகள் சிலர் தாங்களே வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 ஜனவரி 17 அன்று அவர்கள் தோற்றார்கள்; ஆனால் அவர்கள் தரப்பு கேட்கப்பட்ட பிறகே தோற்றார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது அந்தச் சட்டத்தில் உள்ள இன்னொரு பிரிவு. தடை அமலாகும் முன், பயனர் கேட்டால் அவருடைய பதிவுகள், படங்கள், வீடியோக்கள் உட்படக் கணக்கின் தரவு முழுவதையும், கணினி படிக்கக்கூடிய வடிவில் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் ஒரு பயனருக்கு 500 டாலர் வரை அபராதம். அமெரிக்கச் சட்டத்தைக் குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் இந்த ஒரு பிரிவை நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அவகாசம் கொடுத்தால் அதற்குள் இன்னும் தரவு திருடப்படாதா என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். புதிய பதிவேற்றத்தையும் புதிய கணக்குகளையும் முதல் நாளே நிறுத்தலாம். தங்கள் வீடியோக்களை எடுத்துச் செல்வதற்கும், எங்கே போகிறோம் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வைப்பதற்கும் மட்டும், போனின் எந்த அனுமதியும் தேவைப்படாத ஓர் இணையப் பக்கத்தை 30 நாள் திறந்து வைக்க நிறுவனத்துக்கு உத்தரவிடலாம். செயலி இந்த மண்ணில் சேர்த்த தரவு அந்த 30 நாளில் கூடிவிடாது.

இப்படி ஒரு வாசகத்தை 2009 விதிகளில் சேர்க்க நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. மத்திய அரசே விதியைத் திருத்தி அறிவிக்கை வெளியிட முடியும். தடை உத்தரவில் பாதுகாப்பு ரகசியங்களை நீக்கிவிட்டு மற்றதை வெளியிடவும் அதே திருத்தத்தில் வழி செய்ய வேண்டும். 2019 தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், தன் தரவை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. அந்த உரிமையைத் திரும்பச் சேர்க்கும்படி தமிழக எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.