‘நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்?’

முப்பது வருஷமாகப் பேசாத பள்ளித் தோழனின் நம்பர் எப்படியோ கிடைக்கிறது. நம்மாள் என்ன செய்வார்? ரோஜாப்பூ படம் போட்ட ‘குட்மார்னிங்’ ஒன்றைத் தட்டிவிடுவார். கொஞ்சம் தைரியசாலியாக இருந்தால் ‘ஹாய்’. அதைவிடக் குறும்புக்காரர் என்றால், ‘நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்?’

இதற்குப் பெயர் நட்பா சார்? வினாடி வினா!

எதிர்முனையில் இருப்பவரை யோசித்துப் பாருங்கள். தெரியாத நம்பர். பரீட்சை வைக்கிறது. அவர் மனதில் முதலில் வருவது பாசம் இல்லை, சந்தேகம்தான். ‘இன்ஷூரன்ஸ் பாலிசியா? கடன் கேட்கப் போறானா? சங்கிலி வியாபாரமா?’ அவர்மேல் தப்பே இல்லை. அடுத்தவர் போட்டோவை ஒட்டிக்கொண்டு ‘அவசரம், பணம் அனுப்பு’ என்று கேட்கிற மோசடிக் கும்பல் உலவுகிற காலம் இது. பெயர் சொல்லாத மெசேஜை பிளாக் செய்கிறவர் புத்திசாலி.

‘இதுக்குத்தான் நான் யாருக்கும் மெசேஜே போடறதில்லை’ என்கிறீர்களா? அது இன்னும் மோசம். லாரா ஆக்னின், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். ‘பேச ஆசைதான்’ என்று சொன்னவர்களாகப் பார்த்துப் பிடித்தார்கள். நண்பரின் நம்பரோ விலாசமோ அவர்கள் கையில் இருந்தது. எழுத நேரமும் கொடுத்தார்கள். எழுதினார்கள். ஆனால், அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! பழைய நண்பன் நமக்கு ஏறக்குறைய அந்நியனாகவே ஆகிவிடுகிறானாம். அந்தக் கூச்சம்தான் விரலைப் பிடித்து இழுக்கிறது.

சந்தவாசல்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஆரணிப் பட்டு நெய்கிற குடும்பம். இப்போது பெங்களூரில் நல்ல வேலை. பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த தோழர் ஊரிலேயே தறியில் இருக்கிறார். பழைய மாணவர் குரூப் வழியாக நம்பர் கிடைத்து எட்டு மாதம் ஆகியும் இவர் பேசவில்லை. ‘கார், பிளாட்டுன்னு பீத்திக்க வந்திருக்கான்னு நினைச்சிட்டா?’ என்று இவருக்கு பயம். தறியில் இருக்கிறவருக்கு என்ன பயம் இருந்திருக்கும்? ‘நாமளா பேசினா உதவி கேட்கிறோம்னு நினைச்சிடுவானோ?’ ஒருத்தருக்கு வசதி வெட்கம், இன்னொருத்தருக்கு வறுமை வெட்கம். நடுவில் நட்பு பட்டினி கிடக்கிறது.

ஒருநாள் அவர் எழுதி வைத்திருந்த மெசேஜை என்னிடம் காட்டினார்.

‘அன்பு நண்பா, என்னை ஞாபகம் இருக்கா? இத்தனை வருஷமா தொடர்பு கொள்ளாததற்கு ஆயிரம் மன்னிப்பு. வேலை, குடும்பம்னு ஓடிட்டேன். நான் ரொம்ப மோசமானவன். எப்படி இருக்கே? கல்யாணம் ஆயிடுச்சா? எத்தனை குழந்தைங்க? தொழில் எப்படிப் போகுது? உடனே போன் பண்ணு.’

படிக்கப் பாசமாகத்தான் இருக்கிறது. ஆனால், வரிக்கு வரி கண்ணிவெடி!

மன்னிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பி.காம். படித்தவன். வரவு செலவு எனக்குக் கொஞ்சம் தெரியும். தொடர்பு விட்டுப்போனதில் இரண்டு பேர் கணக்கும் சமம்தான். நீங்கள் ஆயிரம் மன்னிப்பு கேட்டால், அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டும், பிறகு தானும் மன்னிப்பு கேட்க வேண்டும். முதல் பேச்சே துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது கேள்விகள். ‘எத்தனை குழந்தைங்க?’ என்பது நமக்குச் சாதாரணம். குழந்தை இல்லாதவருக்கும், மனைவியைப் பறிகொடுத்தவருக்கும், பிரிந்து வாழ்கிறவருக்கும்? முப்பது வருஷத்தில் எதுவும் நடந்திருக்கலாம். தறியை விற்றவரிடம் ‘தொழில் எப்படி?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? எதுவுமே வராது. கடைசியில் ‘உடனே போன் பண்ணு’ என்று ஓர் உத்தரவு வேறு!

‘என்னதான் எழுதறது?’ என்றார் பரிதாபமாக.

வங்கியில் இரண்டு வருஷம் வரவு செலவு செய்யாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். அதில் உள்ள பணம் உங்களுடையதுதான். ஆனால், எடுக்கப் போனால் முதலில் ‘நீங்க யாரு?’ என்று அடையாளம் கேட்பார்கள். இங்கேயும் அதே விதி. பெயர், ஊர், வகுப்பு, நம்பர் கிடைத்த வழி, நான்கையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வரியில் ஒரே ஒரு ஞாபகம். ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்பது யாருக்கும் பொருந்தும். உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்தது வேண்டும். மோசடிக்காரனால் அதை எழுத முடியாது என்பது கூடுதல் லாபம். நெசவாளிக்கு இது தெரிந்த வித்தைதான். பாவு தீர்ந்தால் பழைய இழைகளைப் பிடுங்கி எறிய மாட்டார். முனைகளைத் தறியிலேயே விட்டு, புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிச் சேர்ப்பார். பழைய முனை கையில் இருந்தால் வேலை சுலபம்.

மூன்றாவது, இன்றைக்கு ஏன் நினைத்தீர்கள் என்கிற காரணம். கடைசியாக, பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத முடிவு. அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கக் கூடாது, விற்கக் கூடாது. வறுமையோடு போன குசேலரே பழைய தோழனைப் பார்த்ததும் அவல் முடிச்சோடு நின்றாரே தவிர, மனு கொடுக்கவில்லை!

நண்பர் திருத்தி எழுதியது இது:

‘டேய், பத்தாவது பி-ல உன் பக்கத்துல உட்கார்ந்த பெங்களூர்காரன்டா நான். நம்ம குரூப்ல உன் நம்பர் பார்த்தேன். ஆடி வெள்ளிக்குப் படவேடு போனப்ப சைக்கிள் பஞ்சர் ஆகி, நீ டிராயர் பாக்கெட்லேர்ந்து ரெண்டு ரூபா எடுத்துக் கொடுத்தியே... இன்னிக்கு என் பையன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினேன், உன் ஞாபகம் வந்துச்சு. சும்மா சொல்லணும்னு தோணுச்சு. வேலை முடிஞ்சு எப்பவாவது முடியும்போது பேசு, அவசரமில்லை.’

எல்லாம் சரி, பெயரைக் காணோம்! அதையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்து அனுப்பினார். மறுநாள் ராத்திரி பதில் வந்தது:

‘ரெண்டு ரூபா இல்லடா, ஒன்னரை ரூபா. மீதி எட்டணாவுக்கு நீதான் ஐஸ் வாங்கித் தின்னே!’

எல்லோருக்கும் இப்படி வரும் என்று நான் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் நீல டிக்கை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். ‘பெரிய ஆளாயிட்டே போல’ என்று அடுத்த நாள் குத்தாதீர்கள். அந்த ஒரு வரியில் முதல் மெசேஜின் மரியாதை மொத்தமும் போய்விடும். அவருக்கு இன்று நேரம் சரியில்லாமல் இருக்கலாம். கூடப் படித்த பெண்ணுக்கு எழுதுகிறீர்களா? பகலில் அனுப்புங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு வருகிற ‘நலமா?’வுக்கு அர்த்தமே வேறு. சண்டை போட்டுப் பிரிந்தவருக்கு இந்த நாலு வரி போதாது. அங்கே பஞ்சர் கதை சொன்னால் நடிப்பாகத் தெரியும்.

கூச்சம் விடவில்லையா? அந்த ஆராய்ச்சியிலேயே மருந்து இருக்கிறது. அடிக்கடி பேசுகிற நண்பர்களோடு மூன்று நிமிஷம் மெசேஜில் அரட்டை அடிக்கவிட்டு, பிறகு பழைய நண்பருக்கு எழுதச் சொன்னார்கள். அனுப்பியவர்கள் 31 சதவிகிதத்திலிருந்து 53 ஆனார்கள். கை சூடாக வேண்டும், அவ்வளவே.

முன்பின் தெரியாதவர் அனுப்பிய ஜோக்கை நூற்றிருபது பேருக்கு ஃபார்வேர்டு செய்ய நமக்குக் கூச்சமே வருவதில்லை. பஞ்சருக்குக் காசு கொடுத்தவனுக்கு நாலு வரி எழுத மட்டும் எட்டு மாதம் யோசிக்கிறோம். அதெப்படி சார்?