டெஸ்டிங்கா, டெவலப்மென்டா, சப்போர்ட்டா?



ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்த பிள்ளையிடம் நம் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "டெவலப்மென்ட்தானே?" என்பது. டெஸ்டிங் என்றால் முகம் சுருங்குகிறது. சப்போர்ட் என்றால் "போன் எடுக்கிற வேலையா?" என்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து, வந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. இந்தத் துறையில் பத்து, பதினைந்து வருடமாக இருக்கும் என் பழைய மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன்.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒருவர் கைப்பேசியில் 840 ரூபாய் கரண்ட் பில் கட்டுகிறார். வங்கியில் பணம் கழிந்துவிட்டது. செயலியோ "கட்டணம் செலுத்தப்படவில்லை" என்கிறது. அவர் புகார் செய்கிறார்.

புகார் முதலில் வருவது சப்போர்ட்டுக்கு. அதற்குள்ளேயே படிகள் உண்டு. முதல் படியை எல் 1 என்பார்கள். புகாருக்கு ஓர் எண் கொடுத்து, கையேட்டில் தீர்வு இருந்தால் சொல்லி, இல்லாவிட்டால் மேலே அனுப்புவது அவர்கள் வேலை. அடுத்த படி எல் 2. அவர்கள் கணினி தானாக எழுதி வைக்கும் பதிவான 'லாக்'கைத் தேடுவார்கள், டேட்டாபேஸில் அந்தப் பில்லின் நிலையைப் பார்ப்பார்கள். வங்கியின் பதிலுக்குச் செயலி 30 விநாடி காத்திருந்தது, பதில் 34-வது விநாடியில் வந்தது, அதற்குள் "தோல்வி" என்று எழுதிவிட்டது என்று கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்தான்.

அதைச் சரிசெய்வது டெவலப்பர். பதில் தாமதமானால் "தோல்வி" என்று எழுதாமல் "நிலுவை" என்று எழுதி, பரிவர்த்தனை எண்ணை வைத்து வங்கியிடம் மறுபடி கேட்கும்படி கோடை மாற்றுவார்.

மாற்றியது சரியா என்று பார்ப்பது டெஸ்டர். பதில் உடனே வந்தால் என்ன ஆகும், தாமதமாக வந்தால், வராமலே போனால், ஒரே பதில் இரண்டு முறை வந்தால், பொறுமையிழந்தவர் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார். இதைக் கையால் செய்வது மேனுவல் டெஸ்டிங். செலினியம் போன்ற கருவியில் நிரல் எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தானாக ஓட வைப்பது ஆட்டோமேஷன் டெஸ்டிங்.

இப்போது என் கருத்து. வேலையின் பெயரைவிட, அந்த வேலை உங்களை லாக், டேட்டாபேஸ், கோட் இவற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார வைக்கிறது என்பதைப் பாருங்கள். டெவலப்பர் என்ற பெயரோடு, ஒரு வருடமாகத் திரையில் எழுத்தின் அளவை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையைவிட, 34-வது விநாடியைக் கண்டுபிடித்த எல் 2 பிள்ளை அதிகம் கற்றிருப்பார்.

பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் பயிற்சி முடிந்த பிறகு, எந்தப் புராஜெக்ட்டில் ஆள் தேவையோ அங்கே போடுவார்கள். தேர்வு முழுக்க உங்கள் கையில் இருக்காது. ஆனால் கேள்வி கேட்கலாம். சப்போர்ட் என்றால், "எல் 1-ஆ, எல் 2-ஆ? லாக் பார்க்க அனுமதி உண்டா? இரவு ஷிப்ட் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். டெஸ்டிங் என்றால், "ஆட்டோமேஷன் உண்டா, எந்த மொழியில்?" என்று கேளுங்கள். டெவலப்மென்ட் என்றால், "புதிதாக எழுதுவதா, பழையதைப் பராமரிப்பதா? நான் எழுதுவதை யார் சரிபார்ப்பார்கள்?" என்று கேளுங்கள்.

எல் 1 மட்டுமே கிடைத்தாலும், கையில் வேறு வேலை இல்லாதபோது சேர்ந்துவிடுங்கள். ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். மேலே அனுப்பிய புகார் எப்படித் தீர்ந்தது என்று போய்க் கேளுங்கள். அடுத்த முறை காரணத்தை நீங்களே ஊகித்து எழுதி அனுப்புங்கள். கூடவே எஸ்.கியூ.எல். படியுங்கள். ஆறு மாதம் கழித்து, "நான் காரணம் கண்டுபிடித்த பிரச்சினைகள்" என்று ஐந்தையாவது எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் புராஜெக்ட் மாற்றம் கேட்க வேண்டிய நேரம் அதுதான். மூன்று, நான்கு வருடம் ஒரே வேலையில் ஓடிவிட்டால், அடுத்த கம்பெனியும் அந்த அனுபவத்தைப் பார்த்து அதே வேலைக்குத்தான் கூப்பிடும். மாறுவது அப்போது கடினம்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாண வீட்டில் பிள்ளைகளைப் பார்த்தால், "டெவலப்மென்ட்தானே?" என்று கேட்காமல், "இந்த மாசம் என்ன பிரச்சினைப்பா தீர்த்தே?" என்று கேளுங்கள்.

இந்த வேலைகளில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். புதிதாகச் சேரும் தம்பி, தங்கைகளுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்